கூடையை எடுத்துவிட்டால் முகம் தெரியுமா?

தெரணியகலைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றின் மாரியம்மன் திருவிழாவில், கோயில் மண்டபத்துக்கு வெளியே ஒரு இளைஞர் மேசை போட்டு அமர்ந்திருந்தார். ஒரு கேரிகேச்சருக்கு இருநூறு ரூபாய். அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவர், இப்போது கொழும்பில் விளம்பரப் பலகை எழுதும் கடையொன்றில் வேலை செய்கிறார். தன் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரையில் அவரை ஓவியர் என்றே குறிப்பிடுகிறேன்.

நான் போனபோது ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் அவர் முன்னால் அமர்ந்திருந்தார். ஏழெட்டு நிமிடத்தில் படம் முடிந்தது. கையில் வாங்கிப் பார்த்த கங்காணி, "இது நான் இல்ல தம்பி" என்றார். பின்னால் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் அதற்குள் சிரிக்கத் தொடங்கியிருந்தது. நாலைந்து வயதுப் பேத்தி மட்டும் சிரிக்காமல் படத்தைத் தொட்டு, "தாத்தா" என்றாள்.

அந்தப் படத்தில் மூக்கு பாதியாகக் குறுகியிருந்தது. தாடை நெஞ்சுவரை நீண்டிருந்தது. அப்படி ஒரு மனிதர் உலகத்தில் இல்லை. ஆனாலும் படத்தைப் பார்த்த எவருக்கும் அது யார் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. ஒரு முகத்தை இவ்வளவு கெடுத்த பிறகும் அது அவருடைய முகமாகவே எப்படி இருக்கிறது?

அரசியல் கேலிச்சித்திரங்களைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி சுலபமானதாகத் தோன்றலாம். மகிந்த ராஜபக்ஷ என்றால் மீசையும் குரக்கன் நிறச் சால்வையும். ஜே.ஆர். என்றால் நீண்ட மூக்கு. கலைஞர் என்றால் கறுப்புக் கண்ணாடியும் மஞ்சள் துண்டும். கண்டியில் பிறந்த எம்.ஜி.ஆருக்கு முகமே தேவையில்லை, வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போதும். ஆனால் இந்தப் பட்டியலில் இரண்டு வெவ்வேறு விடயங்கள் கலந்துகிடக்கின்றன. தொப்பி, சால்வை, கண்ணாடி எல்லாம் அடையாளப் பொருட்கள், பெயர்ப்பலகை போன்றவை. அவற்றை வேறு யார் தலையில் வைத்தாலும் அந்தப் பெயரே ஞாபகத்துக்கு வரும். ஜே.ஆரின் மூக்கு அப்படியல்ல. அந்த மூக்கை வேறொரு முகத்தில் ஒட்டினால் ஜே.ஆர். வரமாட்டார். மூக்குக்கும் உதட்டுக்கும் நெற்றிக்கும் இடையிலுள்ள உறவில்தான் அவர் இருக்கிறார்.

"சால்வய அழிச்சிட்டு காட்டுங்க. அதுக்கப்புறமும் தெரியுதுன்னா அது கேரிகேச்சர். தெரியலன்னா அது வெறும் உடுப்பு" என்றார் ஓவியர். பழைய பத்திரிகைகளை எடுத்து, சால்வையையும் தொப்பியையும் விரலால் மறைத்துப் பார்த்தேன். ஆச்சரியப்படும் அளவுக்குப் பல படங்கள் அந்தச் சோதனையில் தோற்றுப்போயின.

கங்காணியின் முகத்துக்கே திரும்பி வருவோம். அந்தப் படத்தை அவர் எப்படி வரைந்தார் என்று பிறகு எனக்கு ஒருமுறை மெதுவாக விளங்கப்படுத்தினார்.

ஓவியப் பாடத்தில் முதலில் சொல்லித்தரப்படும் அளவுகள் சில உண்டு. முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம்வரை ஒரு பங்கு, புருவத்திலிருந்து மூக்கின் அடிவரை ஒரு பங்கு, அங்கிருந்து நாடிவரை ஒரு பங்கு. மூன்றும் சமம். இரண்டு கண்களுக்கு இடையில் இன்னொரு கண் வைக்கலாம். உச்சந்தலையிலிருந்து நாடிவரை அளந்தால் கண்கள் சரிபாதியில் இருக்கும். எந்த மனிதரும் சரியாக இப்படி இருப்பதில்லை. ஆனால் ஒரு முகம் எங்கே விலகுகிறது என்று பார்ப்பதற்கு இந்த அளவு ஒரு அடிமட்டம்.

முடியிலிருந்து நாடிவரை 12 சென்டிமீற்றர் உயரத்துக்கு ஒரு முகம் வரைவதாக வைத்துக்கொள்வோம். அடிமட்டத்தின்படி பங்குகள் 4, 4, 4. கங்காணியின் முகத்தை அதே அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 4, 3.4, 4.6 வந்தது. நெற்றி எல்லோரையும் போலத்தான். மூக்குப் பகுதி 0.6 குறைவு, கீழ்ப்பகுதி 0.6 அதிகம். நேரில் பார்க்கும்போது இந்த ஆறு மில்லிமீற்றரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அவரை நாற்பது வருடமாகத் தெரிந்த தோட்டத்துச் சனத்தின் மனதில் அவர் பதிந்திருப்பது அந்த ஆறு மில்லிமீற்றராகத்தான்.

ஓவியர் செய்தது அந்த வித்தியாசத்தை மட்டும் இரட்டிப்பாக்கியதுதான். 3.4 என்பதை 2.8 ஆக்கினார், 4.6 என்பதை 5.2 ஆக்கினார். நெற்றியைத் தொடவில்லை. மொத்த உயரம் இப்போதும் 12 தான். ஓரிடத்தில் கூட்டினால் இன்னோர் இடத்தில் குறைய வேண்டும், முகம் என்பது அளந்து கொடுத்த சம்பளம் மாதிரி என்று சிரித்தார். தாடை நீளமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம், அதற்கு மேலே மூக்கு குட்டையானது. திருவிழாவில் கொடுத்த படத்தில் இதைவிட இன்னும் கொஞ்சம் தூரம் போயிருந்தார். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்ததே காரணம் என்று ஒப்புக்கொண்டார்.

இதில் நான் எதிர்பார்க்காதது மீசை. கங்காணிக்கு நல்ல அடர்த்தியான மீசை உண்டு. நானாக இருந்தால் அதைத்தான் முதலில் பெரிதாக்கியிருப்பேன். ஓவியர் அதை இரண்டு கோட்டில் முடித்துவிட்டார். "இந்தத் தோட்டத்துல நாப்பது வயசுக்கு மேல இருக்கிற ஆம்பளைங்க எல்லாருக்கும் மீசை இருக்கு. அதப் பெரிசாக்கினா எல்லாரும்தான் வருவாங்க, இவரு வரமாட்டாரு."

இதே மீசை இன்னொருவரிடம் வேறு கணக்காகும். டி.எஸ். சேனநாயக்கவின் மீசை மேலுதட்டை முழுக்க மறைத்து, இரண்டு பக்கமும் கீழே தொங்கும். அந்தக் காலத்துக் கொழும்பு அரசியல்வாதிகளிடையே மீசை அபூர்வமல்ல. ஆனால் வாயை விழுங்கிய மீசை அபூர்வம்தான். ஓப்ரி கொலெட் போன்ற கேலிச்சித்திரக்காரர்கள் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகளில் வரைந்த காலத்தில், கனத்த உடம்பும் அந்த மீசையும் கொண்ட முகத்துக்குக் கீழே பெயர் எழுதத் தேவையே இருக்காது. எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க அதற்கு நேர் எதிர்: மெலிந்த உடம்பு, ஒட்டிய கன்னம், கண்ணாடி, அகன்ற வாய். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வரையும்போது ஒருவருடைய கனம் மற்றவருடைய மெலிவை இன்னும் கூட்டிக் காட்டும்.

ஓவியர் கையால் செய்யும் இந்தக் கணக்கை இயந்திரத்தாலும் செய்யலாம் என்று சூசன் பிரென்னன் 1982 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தன் முதுகலை ஆய்வில் காட்டினார். முகத்தைப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் கணினியில் பதிந்து, பல முகங்களைச் சேர்த்து எடுத்த சராசரி முகத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசங்களை மட்டும் வேண்டிய அளவு பெருக்கும் நிரல் அது. பெருக்காமல் விட்டால் உண்மை முகம் வரும். வித்தியாசத்தைக் குறைத்தால் முகம் சராசரியை நோக்கிப் போய், யாரோ ஒருவராகக் கரைந்துவிடும்.

1987 இல் பிரென்னனும் உளவியலாளர்களான கில்லியன் ரோட்ஸ், சூசன் கேரி ஆகியோரும் அந்த நிரலைக்கொண்டு ஒரு பரிசோதனை செய்தார்கள். பங்குபற்றியவர்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஆட்களின் கோட்டுப்படங்களைக் காட்டி, யார் என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தார்கள். வித்தியாசம் பெருக்கப்பட்ட படத்தை, அளவு மாறாத படத்தைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு வேகத்தில் அடையாளம் கண்டார்கள். வித்தியாசம் குறைக்கப்பட்ட படம்தான் மிகவும் தாமதம். இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம், நாம் முகங்களை ஞாபகம் வைத்திருப்பதே ஒரு சராசரி முகத்திலிருந்து விலகிய விதமாகத்தான் என்பது. கேரிகேச்சர் அந்த விலகலை உரக்கச் சொல்கிறது. புகைப்படத்தில் இந்த விளையாட்டு அவ்வளவாக எடுபடுவதில்லை. அங்கே தோலின் நிறம், நிழல், சுருக்கம் என்று வேறு தகவல்கள் நிறைய இருப்பதால் மிகச் சிறிய பெருக்கலே போதுமாகிவிடும். கோடுகள் குறைந்த படத்தில்தான் மிகைப்படுத்தலுக்கு வேலை அதிகம்.

கங்காணி ஏன் தன்னைக் கண்டுபிடிக்கவில்லை என்பதும் இங்கே கொஞ்சம் விளங்குகிறது. அவர் தன் முகத்தைப் பெரும்பாலும் கண்ணாடியில், இடவலம் மாறித்தான் பார்த்திருக்கிறார். மற்றவர்கள் அவரைப் பார்ப்பது பெரட்டுக் களத்தில், தூரத்திலிருந்து, பக்கவாட்டில், வெயிலில். ஓவியர் வரைந்தது அவர்கள் பார்க்கும் முகத்தை. படம் வரையப்படுகிறவர் ஒத்துக்கொள்கிறாரா என்பதை ஓவியர் ஒரு சோதனையாகவே எடுத்துக்கொள்வதில்லை. பக்கத்தில் நிற்கிற மூன்றாம் ஆளிடம் காட்டுகிறார். அப்போதும் "நல்லா இருக்கா?" என்று கேட்பதில்லை. "இது யாரு?" என்றுதான் கேட்கிறார். பதில் வர மூன்று வினாடிக்கு மேல் போனால் தாளை மடித்து வைத்துவிட்டுத் திரும்பத் தொடங்குகிறார்.

பிழைக்கும் படங்கள் பெரும்பாலும் மூன்று விதமாகப் பிழைக்கின்றன என்பது அவர் அனுபவம். எல்லாவற்றையும் பெரிதாக்குவது முதலாவது. பெரிய மூக்கு, பெரிய காது, பெரிய வாய் என்று எல்லாம் சேர்ந்தால் எது விலகல் என்றே தெரியாது. இரண்டாவது, திசை மாறுவது. சிறிய மூக்கைச் சிரிப்புக்காகப் பெரிதாக்கினால் படம் வேடிக்கையாக இருக்கும், ஆனால் ஆள் போய்விடுவார். மூன்றாவது, வித்தியாசமானதை விட்டுவிட்டு அவலட்சணமானதைத் தேடுவது. அழகான விலகல்களும் உண்டு. ஒருவருடைய கண்கள் நன்றாக இடைவெளி விட்டு அமைந்திருந்தால் அதையும் பெருக்கத்தான் வேண்டும்.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. பாரிஸில் பத்திரிகை நடத்திய ஷார்ல் பிலிப்போன், மன்னர் லூயி பிலிப்பை இழிவுபடுத்தினார் என்று 1831 நவம்பரில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். மன்னரின் முகம் மேலே ஒடுங்கி, கீழே கன்னம் தொங்கி இருக்கும். பிலிப்போன் நான்கு படங்களை வரைந்து காட்டினார். முதலாவது மன்னர். இரண்டாவதில் கன்னம் கொஞ்சம் கூடியது. மூன்றாவதில் இன்னும் கூடியது. நான்காவது வெறும் பேரிக்காய். முதலாவது குற்றம் என்றால் இரண்டாவதும் குற்றம், அப்படியே போனால் பேரிக்காயையும் குற்றவாளியாக்க வேண்டும், எந்தக் கோட்டில் குற்றம் தொடங்குகிறது என்பது அவர் வாதம். நீதிமன்றம் அவருக்கு ஆறு மாதச் சிறையும் 2,000 பிராங்க் தண்டமும் விதித்தது. ஆனால் நாட்டுச் சுவர்களிலெல்லாம் பேரிக்காய் முளைத்துவிட்டது. பேரிக்காயில் கண், மூக்கு எதுவுமே தேவைப்படவில்லை. தலையின் வெளிக்கோடு ஒன்றே மன்னரைத் தாங்கியது. நம்முடைய ஓவியரும் முகத்துக்குள் எதையும் போடுவதற்கு முன்னால் தலையின் வெளிக்கோட்டைத்தான் போடுகிறார். அது சரியாக வராவிட்டால் உள்ளே என்ன போட்டாலும் ஒட்டாது என்கிறார். பேரிக்காய் தனியாக நிற்க முடிந்ததற்கு முன்னால் போன மூன்று படங்களும் காரணம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இடைப்படிகளைப் பார்க்காதவருக்கு அது பழம் மட்டும்தான்.

இவ்வளவும் கேட்டபிறகு எனக்கு ஒரு கேள்வி மிஞ்சியது. வித்தியாசம், வித்தியாசம் என்கிறோமே, யாருடைய சராசரியிலிருந்து வித்தியாசம்?

பிரென்னனின் நிரலுக்குச் சராசரியைக் கொடுத்தது அதில் பதியப்பட்ட முகங்கள். ஓவியருக்குச் சராசரியைக் கொடுப்பது அவர் தினமும் பார்த்து வளர்ந்த முகங்கள். வெளியிலிருந்து ஒரு சமூகத்தைப் பார்க்கிறவர் தன் சராசரியோடு வருகிறார். அவருக்கு முதலில் தெரிவது அந்தச் சமூகத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதுதான். அதைப் பெருக்கும்போது ஆள் வரமாட்டார், இனம்தான் வரும். அறிமுகமில்லாத சமூகத்தவரின் முகங்களைப் பிரித்தறிவது கடினம் என்பதை உளவியல் ஆய்வுகளும் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கங்காணியின் மீசைக்கு நான் முதலில் போனதும் இதனால்தான். நான் அந்தத் தோட்டத்துக்கு வெளியாள்.

மலையக மக்களைப் பற்றிய செய்தி வரும்போது நம் பத்திரிகைகளில் வரும் படங்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். சம்பளப் பேச்சுவார்த்தை என்றாலும், வீட்டுத்திட்டம் என்றாலும், தேர்தல் என்றாலும் அதே பெண் வருகிறார். முதுகில் கூடை, நெற்றியில் பெரிய பொட்டு, கறுப்பு மை நிரப்பிய முகம். எதிரில் நிற்கும் அமைச்சருக்கு மூக்கு இருக்கும், தாடை இருக்கும், பெயர் சொல்லக்கூடிய முகம் இருக்கும். அவருக்குக் கூடை மட்டும் இருக்கும். வரைந்தவர் பெரும்பாலும் அனுதாபத்தோடுதான் வரைந்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சால்வைச் சோதனையை இங்கேயும் வைக்கலாம். கூடையை விரலால் மறைத்தால் என்ன மிஞ்சுகிறது?

"எங்கம்மா ஆயுசுல கூட தூக்கினதே இல்லீங்க. பால் வெட்டுறவங்க" என்றார் ஓவியர். சப்ரகமுவவில் இது அபூர்வமான கதையல்ல. கேகாலையிலும் இரத்தினபுரியின் தாழ்ந்த பகுதிகளிலும் இறப்பர்தான் பல குடும்பங்களின் பிழைப்பு. அவர்கள் கையில் இருப்பது கத்தியும் வாளியும். நுவரெலியாவின் சுற்றுலாப் போஸ்டரிலிருந்து இறங்கிவந்த கூடை இவர்கள் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. படம் ஆளையும் காட்டவில்லை, தொழிலையும் சரியாகக் காட்டவில்லை.

தன் தோட்டத்துப் பெண்கள் ஐந்து பேரைக் கூடையும் பொட்டும் இல்லாமல் வரைவது என்று அவர் போன வருடம் முடிவு செய்தார். முதல் முயற்சி சரியாக வரவில்லை. கொழும்பில் பல வருடம் இருந்ததில் தன் கண்ணின் அடிமட்டமே மாறிவிட்டது என்று அவர் நினைக்கிறார். ஐந்து படத்திலும் ஒரேமாதிரிக் கன்ன எலும்பு வந்திருந்தது, ஐவரும் சகோதரிகள் போல இருந்தார்கள். அதனால் படம் வரைவதை நிறுத்திவிட்டு, விடுமுறைக்கு வந்த நாட்களில் காலையில் பெரட்டுக் களத்துக்குப் போய் நின்றார். சின்னக் கொப்பியொன்றில் முகத்துக்கு ஐந்தாறு கோடுக்கு மேல் போடாமல் முப்பது முகங்களை எடுத்தார். முப்பதையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் அந்தக் கன்ன எலும்பு அங்கே யாருக்கும் விசேஷமானதல்ல என்று தெரிந்தது. அதைத் தொடாமல் விட்டுவிட்டு ஐந்தையும் புதிதாகத் தொடங்கினார். ஒருவருக்குப் புருவத்துக்கும் கண்ணுக்கும் இடையில் அதிக இடைவெளி. இன்னொருவருக்கு மேலுதடு மிகவும் குட்டை, வாய் மூக்கோடு ஒட்டியது போல இருக்கும். மூன்றாமவருக்கு நாடி இடதுபக்கம் லேசாகச் சரிவு. ஒவ்வொருவருக்கும் ஒன்று, அதிகம் போனால் இரண்டு.

அந்தப் படங்களைத் திருவிழாவன்று எனக்குக் காட்டினார். எனக்கு அவர்கள் யாரென்று தெரியாது, அதனால் என் கருத்துக்கு மதிப்பில்லை. பால் நிறுக்கும் இடத்தில் வேலை முடிந்து நின்றவர்களிடம் முன்பே காட்டியிருக்கிறார். நான்கு பெயர்கள் உடனே வந்தன. நாடி சரிந்தவரின் படத்தைப் பார்த்து, படத்தில் இருந்த அந்த அக்காவே முதலில் சிரித்தாராம். கங்காணியைப் போல மறுக்கவில்லை.

ஐந்தாவது படத்துக்கு எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள், அது வரையப்பட்டவரின் தங்கையின் பெயர். இரண்டு பேருக்கும் அதே அகன்ற நெற்றி, அதே சின்ன நாடி. அவர் அதைத்தான் பெருக்கியிருந்தார். குடும்பத்துக்குள் அதுவே சராசரி. இப்போது அக்காவையும் தங்கையையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்துகொண்டிருக்கிறார். அக்காவின் வலது கண்ணிமை மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும், தங்கைக்கு அது இல்லை. அந்த ஒரு இமையை எவ்வளவு இறக்கலாம் என்பதற்குத் தாளின் ஓரத்தில் பதினொரு கண்கள் வரைந்து வைத்திருந்தார். ஏழாவதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்.